குழாய் இல்லாத வீட்டின் தண்ணீர்க் கணக்கு

குடிநீர்க் கட்டணத்தை நகராட்சி உயர்த்தப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டால், ‘ஏழைபாழைகள் என்ன செய்வார்கள்?’ என்ற கேள்விதான் முதலில் எழும். கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் குழாய் வைத்திருப்பவர். கீழே தரைத்தொட்டி, மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார் என்று வசதியாக இருப்பவர். அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவர் யாருக்காகப் பரிந்து பேசுகிறாரோ, அந்த வீட்டில் பல ஊர்களில் குழாயே கிடையாது. கட்டணம் மலிவாக இருப்பதால் அந்த வீட்டுக்கு ஒரு பைசா லாபமில்லை.

குழாய் உள்ள வீடு மாதம் நூறு ரூபாய் கட்டிப் பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் பத்து ரூபாய். அடுத்த சந்தில் இருக்கும் குழாய் இல்லாத வீட்டில், தெருக்குழாயில் முறைவைத்துப் பிடித்தது போதாமல், குடிக்க மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு கேன் வாங்குகிறார்கள். இருபது லிட்டர் கேன் முப்பத்தைந்து ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய் ஆகிறது. மாதம் பதினைந்து கேனுக்கு 525 ரூபாய். நூறு ரூபாய்க் கட்டணத்தை இருநூறாக்கலாமா கூடாதா என்று நகர்மன்றத்தில் வாதம் நடக்கும்போது, இந்த 525 ரூபாய் யார் கணக்கிலும் வருவதில்லை.

குடிநீர்க் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது என்ற கேள்விக்குள் இந்தக் குழாய் இல்லாத வீட்டின் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் செலவைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நகராட்சிகள் தங்கள் கணக்கை மூன்று பெட்டிகளாக வைத்திருக்கின்றன: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் ஆகும் செலவு இரண்டாவது பெட்டியிலிருந்து போக வேண்டும். குடிநீர்க் கட்டணமும், சொத்து வரியில் குடிநீருக்கென ஒதுக்கப்படும் பங்கும் அதே பெட்டிக்குள் வர வேண்டும். போவதும் வருவதும் சரிக்குச் சரியாக இருக்கும் ஊர்கள் குறைவு. இடைவெளியை வருவாய் நிதி சுமக்கும், அல்லது மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் பாக்கி ஏறும்.

செலவில் பெரிய இனங்கள் மூன்று. கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் வாங்கும் ஊர் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்துக்கு அளவுக்கேற்பப் பணம் கொடுக்க வேண்டும். அடுத்தது மின்சாரம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கணக்குப்படி 0.27 யூனிட் போதும். மோட்டாரிலும் பம்பிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் நடைமுறையில் 0.4 யூனிட்டைத் தொடும். இது அரை யூனிட்டுக்கு மேல் போனால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மின்கட்டண ரசீதையும் தண்ணீர் அளவையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும் விஷயம் இது. மூன்றாவது, ஆட்கள்: ஃபிட்டர், வால்வு திறக்கிறவர், மோட்டார் இயக்குபவர், வசூல் ஊழியர். குளோரின், குழாய் உடைப்பு போன்ற சில்லறைச் செலவுகள் இதற்குப் பிறகுதான்.

இனி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் உண்டாக்கிய ஊர். ஆனால் இதில் இருப்பது பெரும்பாலான சிறு நகராட்சிகளில் காணக்கூடியதுதான். வீடுகள் 12,000. அவற்றில் குடிநீர் இணைப்பு உள்ளவை 9,000. மீதி 3,000 வீட்டாருக்குத் தெருக்குழாய். கடை, ஹோட்டல், மண்டபம் என்று வணிக இணைப்புகள் 500. ஊருக்குள் நாளொன்றுக்கு அறுபது லட்சம் லிட்டர் வருகிறது. நாற்பது லட்சம் வாரியத்திடம் வாங்குவது, இருபது லட்சம் சொந்தக் கிணறு. இதில் நூற்றுக்கு முப்பது பங்கு, அதாவது பதினெட்டு லட்சம் லிட்டர், வீட்டைச் சேராமல் கசிவிலும் களவு இணைப்பிலும் போய்விடுகிறது.

மாதச் செலவு: வாங்கும் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டர் பத்து ரூபாய் வீதம் 12 லட்சம், மின்சாரம் 5 லட்சம், சம்பளம் 6 லட்சம், பழுதும் மருந்தும் 2 லட்சம். ஆக 25 லட்சம் ரூபாய். கடன் தவணையும் பழைய குழாயை மாற்றுவதற்கான சேமிப்பும் இதில் சேரவில்லை.

வரவு: வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் வீதம் 9 லட்சம், வணிக இணைப்புக்கு நானூறு வீதம் 2 லட்சம். கேட்க வேண்டியது 11 லட்சம். நகராட்சி மொழியில் இதற்குப் பெயர் ‘கேட்பு’. கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்திகள் கொண்ட பதிவேடு எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் வசூல் எழுபது சதவீதம். கைக்கு வருவது 7.7 லட்சம். மாதம் 17.3 லட்சம் ரூபாய் துண்டு விழுகிறது.

இங்கேதான் பல ஊர்களில் நேராகக் கட்டணத்தின் மேல் பாய்கிறார்கள். 25 லட்சத்தை 9,500 இணைப்புக்கு வகுத்தால் 263 ரூபாய். ஆனால் எழுபது சதவீதம்தான் வசூலாகும் என்பதால், கட்டுகிற 6,650 பேர் தலையில்தான் மொத்தமும் விழும். அப்போது கட்டணம் 376 ரூபாய் ஆகிறது. ஒழுங்காகக் கட்டுகிறவர், கட்டாதவருக்காக மாதம் 113 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். நூறு ரூபாயை 376 ஆக்கும் தீர்மானத்தை எந்த நகர்மன்றமும் நிறைவேற்றாது. நிறைவேற்றவும் கூடாது, ஏனென்றால் அது செலவின் விலை இல்லை. கசிவின் விலையும் சோம்பலின் விலையும் அதில் சேர்ந்திருக்கின்றன.

கட்டணத்தைத் தொடுவதற்கு முன்னால் மூன்று காரியங்களை முடிக்கலாம். கசியும் பதினெட்டு லட்சம் லிட்டரில் பாதியைப் பிடிப்பது முதல் காரியம். அப்படி மீட்ட ஒன்பது லட்சம் லிட்டரை இணைப்பில்லாத 3,000 வீடுகளுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு முந்நூறு லிட்டர் கிடைக்கும். புதிதாக ஒரு சொட்டு வாங்க வேண்டாம். மாதச் செலவு அதே 25 லட்சம்தான். ஆனால் கட்டணம் கட்டும் இணைப்புகள் 12,500 ஆகிவிடும். வசூலை எழுபதிலிருந்து தொண்ணூறுக்குக் கொண்டுவருவது மூன்றாவது. இப்போது வகுத்துப் பாருங்கள்: 25 லட்சத்தை 11,250 பேர் பகிர்ந்தால் சராசரி 222 ரூபாய். 376-ஐ 222 ஆக்கியது எந்தச் சலுகையும் இல்லை, வெறும் வீட்டு நிர்வாகம்.

சொல்வது சுலபம் என்பீர்கள். உண்மைதான். கசிவை அடைக்கப் பணம் வேண்டும். அதை மாதக் கட்டணத்திலிருந்து எடுக்க முடியாது. மாநில, மத்திய அரசு மானியங்கள் பொருத்தமாக இருப்பது இந்த மாதிரி ஒருமுறைச் செலவுகளுக்குத்தான். இரண்டு நாளைக்கு ஒரு மணிநேரம் தண்ணீர் விடும் ஊரில் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதும் சிரமம். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் நடுநிசி ஓட்டத்தை அளந்து கண்டுபிடிப்பதுபோல இங்கே செய்ய முடியாது. ஆனால் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மீட்டர் வைத்து, அந்தத் தொட்டியின் கீழ் வரும் இணைப்புகளை எண்ணி, எந்தத் தொட்டியின் தண்ணீர் கணக்கில் வராமல் போகிறது என்று பகுதி பகுதியாகச் சுருக்கலாம். களவு இணைப்பைப் பிடிக்க இன்னும் எளிய வழி உண்டு. ஒரு தெருவில் எத்தனை வீடுகளுக்குச் சொத்து வரி விதிக்கப்பட்டிருக்கிறது, எத்தனை வீடுகளில் குடிநீர் இணைப்பு இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது என்று ஒப்பிட வேண்டும். மாடி வீடுகள் நிறைந்த தெருவில் பாதி வீடுகளுக்கு இணைப்பே இல்லை என்று பதிவேடு சொன்னால், அந்தத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.

சரி, சராசரி 222. இந்தச் சுமையை யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

மீட்டர் வைத்து, குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்த விலை, கூடுதலாகப் பயன்படுத்துகிறவருக்கு ஏறுமுக விலை என்பது எல்லோரும் உடனே சொல்லும் பதில். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது: மீட்டர் தண்ணீரை எண்ணும், ஆட்களை எண்ணாது. ஒண்டுக்குடித்தன வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே குழாய். ஐந்து பேர் சமையலும் குளியலும் ஒரே மீட்டரில் ஓடினால், அது பணக்கார வீட்டின் அளவைத் தாண்டிப்போய் உச்ச விலையில் நிற்கும். மகன் வெளிநாட்டில் இருக்க, வயதான தம்பதி மட்டும் வாழும் பெரிய பங்களாவோ ‘ஏழை’ விலையில் தண்ணீர் வாங்கும்.

தென்னாப்பிரிக்கா 2001-ல் வீட்டுக்கு மாதம் ஆறாயிரம் லிட்டர் தண்ணீரை இலவசம் என்று அறிவித்தது. ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு. கொல்லைப்புறத்தில் தகரக் குடிசை போட்டு உறவினரையும் வாடகைக்காரரையும் வைத்திருக்கும் ஏழை வீடுகளில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தார்கள். எண்ணம் நல்லது, எண்ணிக்கை இடித்தது. டெல்லியில் 2015 முதல் மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் இருபதாயிரம் லிட்டர் இலவசம். அதைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டும் அல்ல, மொத்தத்துக்கும் கட்டணம். வரம்புக்கு உள்ளே இருக்கும் வசதியானவருக்கும் இலவசம். மீட்டரோ குழாயோ இல்லாத குடியிருப்பில் லாரிக்குக் காத்திருப்பவருக்கு இந்தத் திட்டத்தால் ஒன்றுமில்லை.

நம் சிறு நகராட்சிகளுக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. விட்டுவிட்டு வரும் தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும். காற்றுக்கும் மீட்டர் சுற்றும். தண்ணீர் வந்ததும் பாதிப் பேர் மோட்டாரைப் போட்டு நேராகக் குழாயிலிருந்தே உறிஞ்சுவார்கள். மீட்டர் வாங்க, பொருத்த, மாதாமாதம் குறித்துக்கொள்ள, பழுது பார்க்க ஆகும் செலவை எண்ணினால், சிறு வீடுகளுக்கு மீட்டர் வைப்பது பல ஊர்களில் கட்டுப்படியாகாது. ஹோட்டல், மண்டபம், மருத்துவமனை, அடுக்குமாடி ஆகியவற்றுக்கு முதலில் மீட்டர் வைத்தால் போதும். தண்ணீர் அதிகம் போவதும் அங்கேதான், பணம் தரக்கூடியவர்கள் இருப்பதும் அங்கேதான்.

மற்ற வீடுகளுக்கு மீட்டருக்குப் பதில் வேறொரு அளவுகோல் நகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கிறது: வீட்டின் பரப்பளவு. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக விதித்தார்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு நகராட்சியின் கணினியிலும் கிடக்கிறது. பரப்பளவு வருமானத்தைத் துல்லியமாகக் காட்டாது. ஆனாலும் மீட்டரைவிட ஆளை ஓரளவு சரியாக அடையாளம் காட்டும், புதிதாகச் செலவும் இல்லை.

நம் ஊரில் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். தொண்ணூறு சதவீத வசூலில் 25 லட்சம் கிடைக்க, கேட்பு 27.8 லட்சமாக இருக்க வேண்டும். வணிக இணைப்பு 500-க்குச் சராசரி ஆயிரம் ரூபாய் வீதம் 5 லட்சம். பெரிய வீடுகள் 3,000-க்கு 320 ரூபாய் வீதம் 9.6 லட்சம். நடுத்தர வீடுகள் 5,000-க்கு 200 ரூபாய் வீதம் 10 லட்சம். சிறு வீடுகளும் குடிசைப் பகுதிகளும் 4,000. இவற்றுக்கு 80 ரூபாய் வீதம் 3.2 லட்சம். கூட்டினால் 27.8 லட்சம். ஏழை வீட்டுக்கு முன்பு இருந்த நூறு ரூபாயைவிடக் கட்டணம் குறைந்திருக்கிறது. மாதச் செலவும் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த எண்பது ரூபாயை யார் தாங்குகிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. வீட்டுச் சராசரி 190 ரூபாய். சிறு வீட்டுக்கு 110 ரூபாய் சலுகை. 4,000 வீட்டுக்கு மாதம் 4.4 லட்சம். மற்ற 8,000 வீட்டார் தலைக்கு 55 ரூபாய் வீதம் இதைச் சுமக்கிறார்கள். நகர்மன்றம் விரும்பினால் இந்த 4.4 லட்சத்தை வருவாய் நிதியிலிருந்து எடுத்துக் குடிநீர் நிதிக்கு மாற்றலாம். எதுவானாலும் பட்ஜெட்டில் ‘ஏழை வீடுகளுக்கான குடிநீர்ச் சலுகை’ என்று ஒரு வரியாகத் தெரிய வேண்டும். சிலி நாடு 1989-ல் சட்டம் செய்து இதை இன்னும் தெளிவாக்கியது. அங்கே கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. தகுதியுள்ள ஏழைக் குடும்பத்தின் ரசீதில் ஒரு பகுதியை அரசு குடிநீர் நிறுவனத்துக்கு நேராகக் கட்டிவிடும். நம்மிடம் குடும்ப அட்டை வகைப்பாடு இருந்தாலும், அது விட்டுப்போனவர்களையும் நுழைந்துகொண்டவர்களையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே சிறு நகராட்சிக்குப் பரப்பளவும் குடியிருப்புப் பகுதியுமே நம்பகமான அடையாளம் என்று நினைக்கிறேன். வாடகைக் குடித்தனங்கள் நிறைந்த பெரிய வீடுகளை மட்டும் தனியாகக் கவனித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வணிகக் கட்டணத்துக்கும் எல்லை உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளும் ஹோட்டல்காரர் நாலாயிரம் என்றால் ஆழ்துளைக் கிணறு போடுவார், அல்லது லாரித் தண்ணீருக்குப் போவார். அவர் போனபின், அவர் சுமந்த பங்கும் சேர்ந்து நடுத்தர வீட்டின் தலையில் விழும்.

எண்பது ரூபாய் ஏழை வீட்டுக்குக் கட்டுமா? குடும்ப வருமானத்தில் தண்ணீருக்கு மூன்று சதவீதம், கழிவுநீரும் சேர்த்தால் ஐந்து சதவீதம் என்று உலக அளவில் ஒரு கணக்கு சொல்வார்கள். மாதம் 12,000 ரூபாய் வருமானத்தில் மூன்று சதவீதம் 360 ரூபாய். எண்பது அதற்கு வெகு கீழே. ஆனால் சதவீதக் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. தினக்கூலிக் குடும்பத்தை எண்பது ரூபாய் சாய்க்காது. அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்கும் 480 ரூபாய் சாய்க்கும். வேலை இல்லாத வாரத்தில் அந்த ரசீது வந்தால் அது நிலுவையாகும். இரண்டு அரையாண்டு நிலுவை சேர்ந்தால் கட்டவே முடியாத மலையாகும். சிறு வீடுகளுக்கு மாதாமாதம் வாசலில் வந்து வாங்குவதே நல்லது. ஒடிசா நகரங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை ‘ஜல்சாத்தி’ என்ற பெயரில் இந்த வேலைக்கு வைத்தார்கள். மீட்டர் குறிப்பது, ரசீது கொடுப்பது, வசூலிப்பது எல்லாம் அவர்களே; வசூலில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊக்கத்தொகை. தெருவில் எந்த வீட்டில் வேலை போயிற்று, எந்த வீட்டில் வைத்துக்கொண்டே கட்டாமல் இருக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். நகராட்சிக் கணினிக்குத் தெரியாது.

இவ்வளவும் அந்த 3,000 வீட்டுக்கு இணைப்பு கிடைத்தால்தான். அது ஏன் இதுவரை கிடைக்கவில்லை என்று பார்த்தால், மாதக் கட்டணம் காரணமாக இருப்பது அரிது. வாசலில் நிற்கும் காவல்காரர்கள் வேறு. வைப்புத்தொகை சில ஆயிரம். சாலையை வெட்டிக் குழாய் பதித்தால் சாலைச் சீரமைப்புக் கட்டணம். பிளம்பர், குழாய், குழி தோண்டும் கூலி தனி. எல்லாம் சேர்ந்தால் ஒரு மாத வருமானம் போய்விடும். இதற்கு மேல் காகிதம்: வீட்டு வரி ரசீது வேண்டும், அதற்கு இடத்துக்கு ஆவணம் வேண்டும். புறம்போக்கில் முப்பது வருடம் வாழ்ந்தவரிடம் வாக்காளர் அட்டை இருக்கும், பட்டா இருக்காது. வாடகைக்காரர் விண்ணப்பிக்கவே முடியாது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

ஆகவே மாதக் கட்டணத்தில் தரும் சலுகையைவிட இணைப்பில் தரும் சலுகை ஏழைக்கு நேராகப் போய்ச் சேரும். வசதியானவரிடம் ஏற்கெனவே இணைப்பு இருப்பதால், இடையில் புகுந்து அவர் அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் 1993 முதல் ஏக் சொன் சான் தலைமையில் குடிநீர் நிறுவனத்தைச் சீர்திருத்தினார்கள். எழுபது சதவீதத்தைத் தாண்டியிருந்த தண்ணீர் இழப்பைப் பத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள், கட்டணத்தை உயர்த்தினார்கள், பெரிய மனிதர்களின் பாக்கியையும் விடாமல் வசூலித்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் தள்ளுபடியும் தவணையும் தந்தார்கள். வண்டித் தண்ணீரை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, உயர்த்தப்பட்ட குழாய்க் கட்டணமும் மலிவாகவே இருந்தது. நம் ஊரில் வைப்புத்தொகையை மாதம் ஐம்பது ரூபாய் வீதம் ரசீதோடு சேர்த்து வாங்கலாம். சாலைச் சீரமைப்பைத் தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்து, அந்தக் கட்டணத்தையே கைவிடலாம்.

இனி கழிவுநீர். தண்ணீருக்குக் காசு கொடுக்க மனம் வரும், குழாயைத் திருகினால் கைமேல் பலன். கழிவுநீருக்கு வராது; அது வீட்டைவிட்டுப் போய்விட்டால் நம் கவலை முடிந்தது. ஆகவே பாதாள சாக்கடை போட்ட பல ஊர்களில் தெருவில் குழாய் இருக்கும், வீட்டார் இணைக்க மாட்டார்கள். இணைக்காத வீடுகள் கூடக் கூட, சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு இணைத்த சிலர் தலையில் ஏறும். குழாயில் ஓட்டம் குறைவதால் கசடு படிந்து அடைப்பும் கூடும்.

இதை முன்கூட்டியே யோசித்த ஊர் ஆலந்தூர். சென்னையோடு 2011-ல் சேரும்வரை அது தனி நகராட்சி. 1990-களின் இறுதியில் ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்தபோது, மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே மக்களிடம் போனார்கள். வீட்டு இணைப்புக்கு ஐயாயிரம் ரூபாய் வைப்புத்தொகை, பிறகு மாதம் 150 ரூபாய் கட்டணம். அன்றைக்கு இது சிறிய தொகை இல்லை. தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசி, பணத்தை முன்னதாக வாங்கினார்கள். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசு மானியமும் சேர்ந்தன. பற்றாக்குறை வந்தால் ஈடுகட்ட மாநில அரசு ஒப்புக்கொண்டது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தும் தனியாருக்கு ஒரு குறைந்தபட்ச அளவுக்கான பணத்தை நகராட்சி உறுதி செய்திருந்தது. வீடுகள் இணைந்தாலும் இணையாவிட்டாலும் அந்தப் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதால், இணைப்பு எண்ணிக்கைதான் திட்டத்தின் உயிர். குழாய் பதித்துவிட்டுப் பிறகு கேட்பதற்குப் பதில், கேட்டுவிட்டுப் பதித்தது ஆலந்தூரின் சாமர்த்தியம். ஆனால் ஐயாயிரம் ரூபாய் வாசல் ஏழைக்கு உயரமானது. அதே முறையைக் கையாள நினைக்கும் ஊர், குடிநீர் இணைப்புக்குச் சொன்னதுபோல, சிறு வீடுகளின் வைப்புத்தொகையை நீண்ட தவணையாக்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் பாதாள சாக்கடை வராது, வரவும் தேவையில்லை. செப்டிக் டேங்க்கை நம்பும் ஊர்களில் கட்டணம் வேறு வடிவில் இருக்கிறது. தொட்டி நிரம்பி வழியும்போது லாரியைக் கூப்பிட்டு ஒரே தடவையில் பெரிய தொகை கொடுக்க வேண்டும். ஏழை வீடு தள்ளிப்போடும். தள்ளிப்போட்டால் கழிவு வாய்க்காலுக்குப் போகும். லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று பணம் கொடுத்தவர் கேட்கமாட்டார். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து வாய் நகராட்சி இதைத் தலைகீழாக்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து எல்லா வீட்டுத் தொட்டியையும் காலி செய்கிறார்கள். செலவைத் துப்புரவு வரியாகச் சிறிது சிறிதாக எல்லோரிடமும் வாங்குகிறார்கள். லாரி வரும் நாளில் வீட்டார் பணம் கொடுக்க வேண்டாம். ஒப்பந்ததாரருக்குக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பணம். கட்டணம் வாங்கும் முறையை மாற்றியதால் கழிவு போகும் இடம் மாறுகிறது.

கடைசியில் அரசியல். தேர்தலுக்கு முன்பு உயர்த்த முடியாது, ஜெயித்த முதல் வருடம் மனம் வராது, பிறகு மறுபடி தேர்தல். இப்படியே பத்து வருடம் ஒரே கட்டணத்தில் ஓட்டிவிட்டு, ஒருநாள் இரட்டிப்பாக்கினால் தெருவில் கறுப்புக்கொடிதான் பறக்கும். மின்கட்டணமும் சம்பளமும் வருடா வருடம் ஏறும்போது, குடிநீர்க் கட்டணமும் வருடத்துக்கு ஐந்து சதவீதம் தானாக ஏறும்படி ஒரே தீர்மானத்தில் வைப்பது யாருக்கும் வலிக்காது. ஆனால் உயர்வுக்கு முன்னால் தண்ணீர் கூட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த பிறகு இருநூறு கேட்டால் முணுமுணுப்போடு கொடுப்பார்கள். வராத தண்ணீருக்கு எண்பது கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் அடுத்தமுறை கட்டணப் பேச்சு வரும்போது எதிர்ப்பதற்கும் ஆதரிப்பதற்கும் முன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி நான்கு கேள்விகளை நகராட்சிக்கு அனுப்புங்கள். சொத்து வரி விதிக்கப்பட்ட குடியிருப்புகள் எத்தனை, குடிநீர் இணைப்புகள் எத்தனை? சென்ற ஆண்டு குடிநீர்க் கட்டணத்தில் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு? ஊருக்குள் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வருகிறது, அதை எந்த மீட்டரில் அளக்கிறீர்கள்? புது இணைப்புக்கு வைப்புத்தொகையும் சாலைச் சீரமைப்புக் கட்டணமும் சேர்த்து ஒரு வீடு எவ்வளவு கட்ட வேண்டும்? பதில் முப்பது நாளில் வர வேண்டும். வந்ததும், முதலில் நான்காவது பதிலைப் பாருங்கள்.